குறுக்கும் நெடுக்கும் கூட்டாமல் விட்ட மார்க் ரெஜிஸ்டர்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருந்தபோது நடந்தது இது. வகுப்பாசிரியை வேலை எனக்கு அதுதான் முதல் வருடம். பாடம் நடத்துவது எப்படி என்று சொல்லித்தர ஆளிருந்தார்கள். 42 பிள்ளைகளின் மார்க்கை ரெஜிஸ்டரில் ஏற்றி, கூட்டி, ரேங்க் போட்டு, ப்ராக்ரஸ் கார்டில் எழுதும்போது எங்கே வழுக்கும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கூட்டல்தானே, அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்து இந்த வேலைக்கு வருகிற யாராவது ஒருவராவது என்னைப் போல் அவதிப்படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறையில் ரெஜிஸ்டரை வீட்டுக்கு எடுத்து வந்தேன். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பத்தி, ஒவ்வொன்றும் நூற்றுக்கு. கடைசிப் பத்தி மொத்தம், ஐந்நூறுக்கு. இரண்டு சாயங்காலத்தில் 42 வரிகளையும் கூட்டி முடித்துவிட்டேன். பக்கத்தின் அடியில், ஒவ்வொரு பாடத்துக்கும் நேராக 'மொத்தம்' என்று அச்சடித்த ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பவில்லை. எந்தப் பிள்ளைக்கும் அந்த எண் போகப்போவதில்லை, கார்டிலும் வராது, பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன். பிற்பாடு நான் பட்ட பாடெல்லாம் அந்த அடிக்கட்டத்தைக் காலியாக விட்டதால் வந்தது.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். கார்டெல்லாம் எழுதி, ரேங்க் பட்டியலை முந்தின நாளே வகுப்புச் சுவரில் ஒட்டியாகிவிட்டது. ஏழாம் நம்பர் பெண் 483 எடுத்து முதல் ரேங்க். அவளுடைய அப்பா கிருஷ்ணகிரியில் ஒரு புளி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். கையெழுத்துப் போட பேனாவை எடுத்தவர், போடாமல் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைவது தெரிந்தது. அப்புறம் மெதுவாக, பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க. இது 438தானே வருது?"

91, 84, 87, 90, 86. நான் அவர் எதிரிலேயே ஒரு தாளில் கூட்டினேன். 438. மீண்டும் கூட்டினேன். 438. அன்று வீட்டில் கூட்டும்போதும் எனக்கு 438தான் வந்திருக்க வேண்டும். எழுதும்போது கை 483 என்று எழுதிவிட்டது. அந்தப் பெண் அப்பாவின் பக்கத்தில்தான் நின்றாள். காலையிலிருந்து எல்லோரும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள் அவளுக்கு. அவள் அழவில்லை. என்னையும் பார்க்கவில்லை, கார்டையும் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர்தான் பேச்சை மாற்றுகிற மாதிரி கேட்டார்: "குறுக்கயும் நெடுக்கயும் கூட்டி ஒத்துப் பாத்தீங்களா டீச்சர்?" அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அந்த அவமானத்தில் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

438 என்றால் முதல் ரேங்க் ஏழாம் ரேங்காகிறது. ரேங்க் என்பது ஒருவர் இறங்கினால் மற்றவர்களையும் நகர்த்திவிடும். அவளுக்கு மேலே வரவேண்டிய ஆறு பேரும் ஒவ்வொரு படி ஏற, ஏழு கார்டுகள் தப்பாகிவிட்டன. அதில் ஐந்து ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டன. எச்.எம். திட்டவில்லை. கார்டில் ஒயிட்னர் படக்கூடாது, புதுக் கார்டுதான் எழுத வேண்டும், திங்கட்கிழமைக்குள் ரெஜிஸ்டர் முழுவதையும் மறுபடி சரிபார்த்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து 42 வரிகளையும் முதலிலிருந்து மறுபடி கூட்டினேன். மணி பன்னிரண்டு தாண்டியது. ஒரு தப்பும் கிடைக்கவில்லை. நிம்மதியாகத்தான் படுத்தேன். ஆனால் தூக்கம் வரவில்லை. 483ஐயும் நான் முதல் தடவை சரி பார்த்துத்தானே விட்டேன்? அதே கண், அதே கை, அதே வரிசை. இப்போது மட்டும் எப்படி நம்புவது?

ஞாயிறு காலை, கார்டைத் திருப்பி வாங்குவதற்காகப் பெற்றோர்களுக்குப் போன் செய்தேன். அந்த மண்டிக்காரருக்கும் செய்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, நேற்று நீங்கள் கேட்டது என்னவென்று புரியவில்லை, சொல்லுங்கள் என்றேன். பத்து நிமிடம் பொறுமையாகச் சொன்னார். மண்டியில் ஒவ்வொரு வரியும் ஒரு விவசாயி. புளிக்குரிய தொகை, கமிஷன், கூலி, முன்பணம் என்று பத்திகள். ஒவ்வொரு விவசாயிக்கும் கையில் கொடுக்க வேண்டியதைக் குறுக்குவாட்டில் போடுவார்கள். பிறகு ஒவ்வொரு பத்தியையும் நெடுக்குவாட்டில் கூட்டி, அந்தப் பத்தி மொத்தங்களிலிருந்து மறுபடி கணக்கிட்டால் வருகிற தொகையும், விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கூட்டினால் வருகிற தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். "ஒரு ரூபா ஒதுங்கினாலும் அன்னைக்குப் பெட்டியைப் பூட்ட மாட்டோம் டீச்சர்" என்றார்.

மார்க் ரெஜிஸ்டரில் இது இன்னும் சுலபம், ஏனென்றால் கழித்தலே கிடையாது. 42 வரி, ஐந்து பத்தி, மொத்தம் 210 கட்டம். அந்த 210 எண்களையும் கூட்டினால் ஒரே ஒரு பெருந்தொகைதான் வரும். பிள்ளை வாரியாகக் கூட்டி, அந்த 42 மொத்தங்களைக் கூட்டினாலும் அதுதான். பாடவாரியாகக் கூட்டி, அந்த ஐந்து மொத்தங்களைக் கூட்டினாலும் அதுதான். இரண்டும் வேறாக இருந்தால் எங்கோ ஒரு கூட்டல் பிசகியிருக்கிறது. அதில் வாதத்துக்கு இடமில்லை. வரியை மறுபடி கூட்டுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் என்னவென்றால், எண்கள் வேறு வரிசையில், வேறு துணையோடு வருகின்றன. அதனால் முதலில் வழுக்கிய இடத்தில் கை இரண்டாம் தடவையும் வழுக்காது.

காலியாக விட்ட அடிக்கட்டங்களைப் பென்சிலால் நிரப்பினேன். தமிழ் 2,641. ஆங்கிலம் 2,318. கணக்கு 2,107. அறிவியல் 2,396. சமூக அறிவியல் 2,530. இந்த ஐந்தையும் கூட்டினால் 11,992. பிறகு கடைசிப் பத்தியில் இருந்த 42 மொத்தங்களையும் கூட்டினேன், ஏழாம் நம்பரை 438 என்று திருத்திய பிறகு. 12,009. பதினேழு அதிகம்.

வயிற்றைப் பிசைந்தது. முந்தின ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் சரிபார்த்து ஒன்றுமில்லை என்று மூடிய ரெஜிஸ்டர் அது. விடுமுறையிலேயே அந்த அடிக்கட்டங்களை நிரப்பியிருந்தால் 62 வித்தியாசம் காட்டியிருக்கும். ஒரு கார்டு கூட எழுதியிருக்க மாட்டேன்.

பதினேழு என்றதும் பதினேழு மார்க் தப்பான ஒரு பிள்ளையைத் தேட ஆரம்பித்தேன். அதில் ஒன்றரை மணி நேரம் வீணாய்ப் போனது. இந்த முறையில் புதிதாக இறங்குபவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இதுதான் என்று இப்போது தெரிகிறது. கடைசியில் கிடைக்கிற வித்தியாசம் எல்லாத் தப்புகளும் ஒன்றோடொன்று கூடிக் கழிந்த பிறகு மிஞ்சுவது. அது ஒரு தப்பின் அளவாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட ரெஜிஸ்டரைத் துண்டு போடுவதுதான் வழி. பத்துப் பத்து வரியாக ஸ்கேல் வைத்துப் பென்சில் கோடு போட்டேன். கடைசித் துண்டில் மட்டும் பன்னிரண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகக் குறுக்குக் கூட்டலும் நெடுக்குக் கூட்டலும் செய்தேன். 1 முதல் 10 வரை ஒத்துப்போனது. 11 முதல் 20 வரை, வரி மொத்தங்கள் 27 அதிகம். 21 முதல் 30 வரை ஒத்துப்போனது. 31 முதல் 42 வரை, 10 குறைவு. 27இல் பத்து போனால் பதினேழு. இரண்டு தப்பு ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு பதினேழு என்ற முகமூடியைப் போட்டிருந்தது.

27 என்பது ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். இதையும் அவர்தான் போனில் சொல்லியிருந்தார்: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் முதலில் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார். காரணம் எளிது. பத்தாம் இடத்தில் இருக்க வேண்டிய இலக்கம் ஒன்றாம் இடத்துக்குப் போனால் அதன் மதிப்பு பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்காகிறது, அதாவது ஒன்பது மடங்கு குறைகிறது. இன்னொரு இலக்கம் அதே மாதிரி ஒன்பது மடங்கு ஏறுகிறது. ஆகவே பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். அந்த ஏழாம் நம்பர் பெண்ணின் 483க்கும் 438க்கும் வித்தியாசம் 45. அதுவும் ஒன்பதின் மடங்கு. இன்னும் ஒரு படி மேலே போகலாம். வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்தால், இடம் மாறிய இரண்டு இலக்கங்களுக்கும் இடையே உள்ள தூரம் கிடைத்துவிடும். 45ஐ வகுத்தால் 5. எட்டுக்கும் மூன்றுக்கும் தூரம் ஐந்து. என்னுடைய 27ஐ வகுத்தால் 3.

இரண்டாம் துண்டை மறுபடி பாதியாக்கினேன். 11 முதல் 15 வரை உள்ள ஐந்து வரிகளில்தான் அந்த 27 இருந்தது. அந்த ஐந்து வரிகளை அப்படியே தருகிறேன், ஒரு தாளில் நீங்களும் கூட்டிப் பாருங்கள். பதினொன்றாம் நம்பர் 67, 45, 38, 52, 61; மொத்தம் 263 என்று எழுதியிருந்தேன். பன்னிரண்டு 82, 71, 94, 88, 79, மொத்தம் 441. பதின்மூன்று 54, 39, 35, 47, 58, மொத்தம் 233. பதினான்கு 73, 58, 49, 66, 71, மொத்தம் 317. பதினைந்து 61, 56, 44, 59, 70, மொத்தம் 290. நெடுக்கே கூட்டினால் பாடங்கள் 337, 269, 260, 312, 339. இவற்றைக் கூட்டினால் 1,517. நான் எழுதியிருந்த ஐந்து மொத்தங்களைக் கூட்டினால் 1,544.

இப்போது ஐந்து வரியையும் மறுபடி கூட்ட வேண்டியதில்லை. கடைசி இரண்டு இலக்கங்களுக்கு இடையே மூன்று தூரம் உள்ள மொத்தங்கள் எவை? 263இல் ஆறும் மூன்றும். 441இல் நான்கும் ஒன்றும். மற்ற மூன்றிலும் அந்தத் தூரம் இல்லை. நான் எழுதியது அதிகமாக இருப்பதால் பெரிய இலக்கம் பத்தாம் இடத்தில் நிற்க வேண்டும். இரண்டிலும் அப்படித்தான் நிற்கிறது. இரண்டை மட்டும் கூட்டினேன். 263 சரி. 441 உண்மையில் 414. முந்தின ராத்திரி இந்த வரியையும் கூட்டினேன், மனதில் 414 என்றுதான் வந்திருக்கும். எழுதியிருந்த 441ஐக் கண் 414 என்றே படித்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறது. தான் எழுதியதைத் தானே சரிபார்க்கும்போது கண் இந்த வேலையைச் செய்யும். நம்பவே கூடாது.

அந்தப் பத்து குறைந்த கதை வேறு மாதிரி. பத்து, நூறு என்று உருண்டையாக வித்தியாசம் வந்தால் மீதி எடுத்துப்போன இடத்தில்தான் பிசகு இருக்கும், பெரும்பாலும். முப்பத்தெட்டாம் நம்பர்: 47, 36, 41, 58, 39. ஒன்றாம் இடங்களைக் கூட்டினால் 31. ஒன்றை எழுதி மூன்றை மேலே எடுத்துப் போக வேண்டும். நான் இரண்டை எடுத்துப் போயிருக்கிறேன். பத்தாம் இடங்கள் 19, அதோடு மூன்று சேர்ந்தால் 22, மொத்தம் 221. நான் எழுதியிருந்தது 211. மீதியை மேலே சின்னதாக எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை, மனதிலேயே வைத்துக்கொள்வேன். இப்போது எழுதுகிறேன். மறுபடி கூட்டும்போது கீழிருந்து மேலே, அல்லது வலமிருந்து இடமாகக் கூட்டுகிறேன். எண்கள் வேறு வரிசையில் வந்தால் அதே இடத்தில் மறுபடி பிசகுவது குறைவு என்பதால்.

இரண்டையும் திருத்தியதும் வரி மொத்தங்களும் 11,992. பத்தி மொத்தங்களும் 11,992. ஞாயிறு மதியம் மூன்று மணி.

அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பெண்ணுக்கு நேற்று ஏழாம் ரேங்க் என்று சொல்லி அனுப்பினேன். 441 பொய் என்றால் அந்தப் பன்னிரண்டாம் நம்பர் பையன் அவளுக்கு மேலே இல்லை. அவள் ஆறாம் ரேங்க். ஒரு பிள்ளையிடம் இரண்டு நாளில் மூன்று ரேங்க் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னபோது, "இதாவது கடைசியா மிஸ்?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஒரு தப்பு வெளியே தெரிந்ததும் அதை மட்டும் அவசரமாகத் திருத்தி அறிவிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். எந்தக் குறையால் அந்தத் தப்பு நுழைந்ததோ, அதே குறையால் வேறு தப்புகளும் நுழைந்திருக்கும். முழு ரெஜிஸ்டரும் ஒத்துப்போகும் வரை ரேங்கைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது.

இந்த முறை எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். இரண்டு வரிகளில் சமமாக, ஒன்றில் பத்து கூடியும் இன்னொன்றில் பத்து குறைந்தும் போயிருந்தால் பெருந்தொகை ஒத்துப்போகும். துண்டு போட்டுப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு தப்பும் வெவ்வேறு துண்டில் விழுந்தால் தனித்தனியாகத் தெரிந்துவிடும். அதனால் இப்போதெல்லாம் வித்தியாசம் வந்தால்தான் துண்டு போடுவது என்றில்லை. முதலிலேயே பத்து வரிக்கு ஒரு கோடு போட்டு, அங்கங்கே ஒத்துப் பார்த்துக்கொண்டே கீழே இறங்குகிறேன். 42 பேருக்கு முக்கால் மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது.

கம்ப்யூட்டரில் போடுகிறோம், எங்களுக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முழு ஆண்டுத் தேர்வுக்கு எங்கள் பள்ளியும் எக்செல்லுக்கு மாறியது. 2 முதல் 43 வரை 42 பிள்ளைகள், C முதல் G வரை ஐந்து பாடம், H பத்தியில் பிள்ளைகளின் மொத்தம், 44ஆம் வரியில் பாட மொத்தம் என்று வைத்துக்கொண்டு இப்படிப் போட்டேன்:

```
=SUM(H2:H43)-SUM(C44:G44)
=COUNT(C2:C43)
```

முதல் வரி பூஜ்யம் காட்ட வேண்டும். யாராவது ஒரு மொத்தத்தின் மேல் கையால் எண்ணை அடித்திருந்தாலோ, ஒரு வரியின் கூட்டலில் ஒரு பாடம் விட்டுப்போயிருந்தாலோ இது காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரு மார்க் எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிவாகியிருந்தால் SUM அதைக் குறுக்கேயும் சேர்க்காது, நெடுக்கேயும் சேர்க்காது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைந்து, வித்தியாசம் பூஜ்யமாகவே நிற்கும். எனக்கு ஒரு பிள்ளையின் அறிவியல் மார்க் அப்படி ஆனது. மொத்தத்தில் சேரவே இல்லை. அதைப் பிடித்தது இரண்டாவது வரி. C இருக்கும் இடத்தில் அந்தந்தப் பாடத்தின் பத்தி எழுத்தைப் போட்டால், அந்தப் பத்தியில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று அது எண்ணும். ஒவ்வொரு பாடத்துக்கும் அந்த எண்ணிக்கையும் தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். கையால் எழுதும் ரெஜிஸ்டரிலும் அடியில் அந்த எண்ணிக்கையை எழுதி வைப்பது நல்லது, வராத பிள்ளைகளைக் கழித்து.

குறுக்கு நெடுக்குக் கூட்டல் கண்டுபிடிக்கவே முடியாத தப்பு ஒன்று உண்டு. பாட ஆசிரியரின் பட்டியலிலிருந்து ரெஜிஸ்டருக்கு மார்க்கை ஏற்றும்போதே தப்பாக ஏற்றிவிட்டால், அந்தத் தப்பான எண்தான் வரியிலும் சேரும், பத்தியிலும் சேரும். இரண்டும் அழகாக ஒத்துப்போகும். இது எனக்கு அந்த வாரம் புதன்கிழமை வரை தோன்றவில்லை. ஆங்கில ஆசிரியை தன் பட்டியலின் அடியில் சராசரி போடுவதற்காக மொத்தம் எழுதி வைத்திருந்தார். ஸ்டாஃப் ரூமில் தற்செயலாக அதைப் பார்த்தேன். 2,354. என் ரெஜிஸ்டரில் ஆங்கிலம் 2,318 என்பது மனப்பாடமாக இருந்தது, அத்தனை தடவை கூட்டியிருந்தேனே. முப்பத்தாறு குறைகிறது.

நின்ற இடத்திலேயே 36ஐ ஒன்பதால் வகுத்தேன். நான்கு. என்னுடையது குறைவு, ஆகவே ரெஜிஸ்டரில் சின்ன இலக்கம் முன்னால் நிற்கும்: 15, 26, 37, 48, 59 இந்த மாதிரி. 42 மார்க்கில் அப்படிப்பட்டவை நான்கே நான்குதான். நான்கையும் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு பையனுக்கு ஆங்கிலத்தில் 26 என்று ஏற்றியிருக்கிறேன். அவன் எடுத்தது 62.

35தான் பாஸ் மார்க். பாஸ் ஆன பையனை நான் ஃபெயில் ஆக்கியிருக்கிறேன். ஃபெயில் ஆனவர்களுக்கு எங்கள் பள்ளியில் ரேங்க் போடுவதில்லை, கோடுதான். அவனைச் சேர்த்தால் இருபத்துநான்காம் ரேங்க். அவனுக்குக் கீழே இருந்த எட்டுப் பேரும் ஒரு படி இறங்க வேண்டும். ஒன்பது கார்டு. முதலில் ஏழு, பிறகு 414க்காக நான்கு, 221க்காக இரண்டு, இப்போது ஒன்பது. எல்லாம் சேர்த்து 22 புதுக் கார்டு, ஒன்று 12 ரூபாய், 264 ரூபாய் என் கையிலிருந்து போனது. பழைய கார்டை வாங்க இரண்டு வீடுகளுக்கு ஆட்டோவில் போனது தனி. பணம் பெரிதில்லை. ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாகக் கார்டு எழுதினேன், பாடத்துக்குத் தயார் செய்யாமலேயே வகுப்புக்குப் போனேன்.

இப்போது ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் மார்க் பட்டியலை வாங்கும்போதே அடியில் மொத்தம் போட்டுக் கையெழுத்திட்டுத் தரச் சொல்கிறேன். ரெஜிஸ்டரில் ஏற்றியதும், வரியைத் தொடுவதற்கு முன்பே, பத்தியை நெடுக்கே கூட்டி அந்த எண்ணோடு ஒத்துப் பார்க்கிறேன். ஏற்றும்போது வந்த பிசகு அங்கேயே நின்றுவிடும். அப்புறம்தான் குறுக்குக் கூட்டல், துண்டு, பெருந்தொகை எல்லாம். இதிலும் ஒரு சந்து உண்டு: ஒரு பிள்ளை தேர்வுக்கு வராமல் போய், அந்த இடத்தில் கோடு போட மறந்து, அடுத்தவர் மார்க்கை அங்கே எழுதிவிட்டால், கீழே இருக்கும் எல்லோர் மார்க்கும் ஒரு வரி மேலே ஏறிவிடும். எண்கள் அதேதான் என்பதால் பத்தி மொத்தம் மாறாது. அதற்குப் பத்தாம் நம்பர், இருபதாம் நம்பர், முப்பதாம் நம்பர், கடைசி நம்பர் இவர்களின் பெயரையும் மார்க்கையும் விரல் வைத்துப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கிறேன். நடுவில் நழுவியிருந்தால் அதற்கு அடுத்த நிறுத்தத்தில் தெரிந்துவிடும்.

அந்தப் பையனுக்கு அப்பா இல்லை. அம்மா ஊத்தங்கரை பக்கம் வேலைக்குப் போகிறார், பெற்றோர் கூட்டத்துக்கு வரமுடியவில்லை. கார்டை அவன் கையில்தான் கொடுத்தனுப்பியிருந்தேன். புதன்கிழமை கடைசிப் பீரியடில் அவனைக் கூப்பிட்டு, 62 என்று எழுதிய புதுக் கார்டைக் காட்டி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். பழைய கார்டைக் கொண்டுவரச் சொன்னேன். அவன் பையைத் திறந்து, கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டிருந்த பிரவுன் பேப்பரைப் பிரித்தான். உள்ளே நான்காக மடித்து வைத்திருந்தான், கையெழுத்து வாங்காமல். "நல்லாத்தான் எழுதினேன்னு நினைச்சேன் மிஸ்" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. புதுக் கார்டை வாங்கி, ஐந்து மார்க்கையும் வாய்க்குள் ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, பையில் வைத்துக்கொண்டு போனான்.